முதலில் வெட்டு, கடைசியில் கூர்மை

டச்சப் அக்கா கை வைத்த முகங்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கல்யாணமாகி அந்த ஸ்டுடியோவுக்குள் வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. கணவர் படம் எடுப்பார், அவள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்துவாள். ஊரில் பாதி வீடுகளின் சுவரில் தொங்குவது அவள் கை பட்ட முகம்தான். வீதியில் எதிரே வருகிறவரின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவருடைய இடது புருவத்துக்குள் ஒரு பழைய தழும்பு ஒளிந்திருப்பது தெரியும். அதனால் சிலரைப் பார்த்ததும் காரணமில்லாமல் சிரித்துவிடுவாள். அவர்களும் யாரென்று தெரியாமலே சிரித்து வைப்பார்கள்.

இவ்வளவு முகங்களைத் தொட்ட கைக்கு இப்போது எதைத் தொட்டாலும் தொட்டது மாதிரியே இல்லை. வலது கைக் கட்டைவிரலும் அதற்கடுத்த விரல்களும் மரத்துப்போய்விட்டன. டம்ளர் நழுவுகிறது. ஊக்கு குத்தினால் தெரியவில்லை. தூக்கத்தில் கை எரிந்து எழுப்புகிறது. மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நசுங்கிக் கிடக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் விரலுக்கு உணர்ச்சி திரும்பி வருமென்று நான் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தாள். முதல் தடவை பள்ளிக்கூடத்துப் படங்கள் வந்து குவிந்தன. இரண்டாவது தடவை கணவர் தானே திருத்துகிறேன் என்று உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணை மெழுகு பொம்மையாக்கிவிட்டார். அந்தப் பெண்ணின் அத்தை கடை வாசலில் நின்று பேசிய பேச்சு அடுத்த தெரு மருந்துக்கடை வரைக்கும் கேட்டது.

இந்தத் தடவை வியாழக்கிழமை. இதையும் விட்டால் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதுவரைக்கும் மவுஸைத் தொடக் கூடாது என்று மணிக்கட்டில் ஒரு பட்டை வேறு மாட்டி அனுப்பினார். அதற்குப் பிறகும் பல வாரங்களுக்குத் தொட முடியாது. ஆக, வியாழனுக்குள் கணவருக்கு ஒரு முகத்தையாவது ஒழுங்காகத் திருத்தத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் தன்னால் நிம்மதியாகப் போய்ப் படுக்க முடியாது, பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம் என்பது அவளுக்கே தெரியும். பயம் கணவரைப் பற்றிப் பாதி என்றால், தன்னைப் பற்றி மீதி.

திங்கட்கிழமை காலையில் வந்தது பஸ் டிரைவரின் படம். ஓய்வு பெறப் போகிற டிரைவர். டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து சட்டம் வாங்கி வைத்திருந்தார்கள். ஓய்வறைச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். வழவழப்பான, தேன் நிற மரச்சட்டம். உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தது. அதைக் கடை கவுண்டரில் சாய்த்து வைத்துவிட்டு, படம் புதன் சாயங்காலம் வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள்.

கணவர் எடுத்த படத்தில் குறையில்லை. அதை அக்கா எதிரியிடம்கூட ஒப்புக்கொள்வாள். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்து, யாரோ நிறுத்தத்தில் கை காட்டியது மாதிரி லேசாகத் தலையைத் திருப்பியிருந்தார். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் ஒரு கன்னத்தில் இறங்கியிருந்தது. படம் மட்டும் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் மஞ்சள். அதெல்லாம் இரண்டு நிமிஷ வேலை.

அவள் கணவருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். காலையிலேயே வரிசையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். போன வாரமும் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தைய வாரம் சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூலப்படத்தின் மேல் கை வைக்காதீர்கள். அப்புறம் சாய்வைச் சரி செய்து சட்டத்துக்கு ஏற்ற மாதிரி வெட்டுங்கள். பிறகு கலர், வெளிச்சம். அதற்குப் பிறகுதான் முகத்தில் கை. கடைசியில், எல்லாம் முடிந்து, பிரிண்ட் போடும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, கூர்மை ஏற்றும் ஷார்ப்.

கணவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். படத்தைத் திறந்தார். அவருடைய கை நேராகப் போய் ஷார்ப்பைப் பிடித்து, குழாயைத் திறப்பது மாதிரித் திறந்துவிட்டது.

டிரைவரின் முகத்தில் அதுவரை இல்லாத குழிகள் எல்லாம் எழுந்து நின்றன. மீசை கம்பி கம்பியாகப் பிரிந்தது. காதைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது.

"என்னங்க, இப்பத்தானே சொன்னேன்."

"இரும்மா. மொதல்ல படம் தெளிவா இருக்கட்டும். தெளிவில்லாத படத்துல என்னத்தத் திருத்தறது?"

படம் தெளிவாகத்தான் இருக்கிறது என்றாள் அவள். இருபது வருஷமாக கேமரா பிடிக்கிறவனுக்குத் தெளிவு எது என்று தெரியாதா என்றார் அவர். கவுண்டரில் இருந்த நாத்தனார் இதற்காகவே காத்திருந்தது மாதிரி எட்டிப் பார்த்தாள். கணவரின் தங்கை. பில் போடுவதும் படத்துக்குச் சட்டம் மாட்டுவதும் அவள் வேலை. வாய் மட்டும் எல்லா வேலையும் பார்க்கும்.

"அண்ணி, அண்ணன் ஷார்ப்பா இருக்கார்னு காட்டணும்ல. வேற எங்க காட்டுவாரு பாவம்."

கணவர் திரும்பவில்லை. அடுத்து அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார அக்காவுக்கு எங்கிருந்து பொறுமை வந்ததென்று தெரியவில்லை. கிளம்பிய குழிகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். தானே கிளப்பிவிட்டு, தானே அழித்தார். அது முடிந்ததும் முகத்துக்கு மேல் ஒரு வழவழப்பைப் பூசினார். பிறகு டிரைவரின் கால்சட்டையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கினார். மடியிலிருந்த தொப்பியைத் துடைத்தார். பின்திரையின் கீழ்ப்பக்கச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து நீவினார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அந்தச் சுருக்கங்களை அப்படி அக்கறையாக நீவிய மனுஷன் வீட்டில் ஒரு போர்வையை மடித்து அவள் பார்த்ததில்லை.

சாப்பிட்டு வந்த பிறகுதான் வெளிச்சத்தைக் கூட்டினார். கூட்டியதும், இருட்டில் அழித்த இடங்களெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரிந்தன. சுவருக்குப் பட்டி பார்த்த இடம் மாதிரி கன்னம் முழுக்க ஒட்டுப் போட்டது போலிருந்தது. மஞ்சளைக் குறைத்ததும் சில திட்டுகள் சாம்பல் நிறமாயின. அவர் மறுபடி அவற்றை அழிக்கப் போனார். அழித்ததை அழிக்கிற வேலை. அக்காவின் வலது கை தன்பாட்டுக்கு எழுந்து மவுஸ் பக்கம் போனது. மேசை விளிம்பு மணிக்கட்டுப் பட்டையில் இடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து மடியில் போட்டாள், குறும்புக் குழந்தையை உட்காரவைப்பது போல.

எல்லாம் முடிந்து, சாயங்காலம், கணவர் கடைசி வேலையாகச் சட்டத்தின் அளவுக்கு வெட்டினார். சட்டம் ஒல்லி. பக்கங்கள் போயின. முகம் சின்னதாகத் தெரிகிறதே என்று இன்னும் நெருக்கினார். கால்சட்டை போனது. தொப்பி போனது. நீவிய சுருக்கமெல்லாம் போனது. காலை முழுக்கப் பார்த்த வேலை திரையை விட்டு வெளியே போய் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா தலையில் கை வைக்கப் போனாள். வைத்தால் வலிக்கும் கை என்பது நினைவு வந்து விட்டுவிட்டாள்.

"தையக்காரர் துணிய வெட்டறதுக்கு முன்னால பட்டன் தைப்பாராங்க?" என்றாள். "மொதல்ல வெட்டுங்கன்னு எதுக்குச் சொன்னேன்? எது நிக்கும் எது போகும்னு தெரிஞ்சாத்தானே எதைத் திருத்தறதுன்னு தெரியும்."

"அதை அழுத்திச் சொல்லியிருக்கணும் நீ" என்றார் கணவர்.

அதற்கு மேல் அவள் அழுத்தினால் தரை உள்ளே போய்விடும்.

செவ்வாய்க்கிழமை டிரைவரின் மனைவி வந்தாள். சட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா பார்க்க வந்தேன் என்றாள். கணவர் யாரையும் கேட்காமல் முந்தின நாள் படத்தையே மாதிரிக்குப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொடுத்தார். போதாததற்கு, சுருக்கிய பிறகு மங்கலாகத் தெரிகிறது என்று இன்னொரு தடவை ஷார்ப் ஏற்றியிருந்தார். அவள் அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள்.

"இவர் எங்க வீட்டுக்காரரோட தம்பியா?" என்றாள்.

டிரைவருக்குத் தம்பி கிடையாது.

பிறகு மரியாதையாகத்தான் பேசினாள். வேலை பாக்காதவர் மூஞ்சி மாதிரி இருக்கு, பாத்திரம் விளக்குன மாதிரி விளக்கி வச்சிருக்கீங்க, கன்னம் வெண்ணெய், மீசை முள்ளு, ரெண்டும் ஒரே ஆளோடது மாதிரி இல்லை என்றாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகள் எங்கே என்று கேட்டாள். அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் அவர் ஓட்டியது பஸ்ஸா வேறு ஏதாவதா என்று டிப்போவில் கேட்பார்கள் என்றாள். புதன் சாயங்காலத்துக்குள் ஆகாவிட்டால் பரவாயில்லை, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று கடைசியில் சொன்னாள். அதைச் சொன்ன மெதுவான குரல்தான் அக்காவுக்குச் சுட்டது. கல்யாணப் பெண்ணின் அத்தை போட்ட சத்தம் இதற்குத் தேவலாம்.

நாளைக்கு வாங்க, சரியாக இருக்கும் என்றாள் அக்கா. சொன்ன கையோடு உள்ளே வந்து, மணிக்கட்டுப் பட்டையின் ஒட்டுநாடாவைப் பர்ரென்று பிரித்தாள்.

நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள். அவள் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வரேன்னு சொல்லியிருக்கேன். நீங்க இப்ப உக்காந்தா நாளைக்கும் உக்காருவீங்க. வியாழக்கிழமையும் இங்கதான் இருப்பீங்க. அப்புறம் சோத்தைப் பெசைஞ்சு ஊட்டவும் என்னைத்தான் கூப்பிடுவீங்க. என்னால முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா பட்டையைக் கையில் தொங்கவிட்டபடி நின்றாள். அழுகையும் எரிச்சலும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. கடைசியில் எரிச்சல்தான் முந்தியது. கணவர் கணினிக்கு முன்னால் மாதிரிப் படத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை முழுக்க நீட்டி, படத்தைத் தள்ளிப் பிடித்து, தலையையும் பின்னால் சாய்த்து, பக்கத்து வீட்டு மாடியில் இருக்கிற எதையோ பார்ப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது நல்லாத்தான் தெரியுது" என்றார். "இப்பத்தான் கண்ணு, மூக்கு, எல்லாம் தனித்தனியா தெளிவா இருக்கு."

முகம் படிப்பதே தொழிலாக இருந்தவள் அவள். இத்தனை மாதமாக இந்த ஒரு முகத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறாள். அவர் நாற்காலியை மேசையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட்டிருக்கிறார் என்பதை இப்போதுதான் கவனித்தாள். மவுஸ் வயர் அதற்கு மேல் நீளாது.

"திரையோட கீழ்மூலையில ஒரு நம்பர் இருக்கே, அது என்ன?" என்று கேட்டாள்.

"எந்த நம்பர்?"

"படத்தை எத்தனை சதவீதத்துல பாக்கறோம்னு போட்டிருக்கும்ல, அது."

அவர் பின்னால் சாய்ந்தார். கண்ணைச் சுருக்கினார். எண்பதோ அறுபதோ என்றார். திரையில் முப்பத்து மூன்று என்று இருந்தது.

பிறகு நாத்தனார் தன் மூக்கிலிருந்து பில் எழுதுகிற கண்ணாடியைக் கழற்றினாள். இளஞ்சிவப்புச் சட்டம், ஓரத்தில் இரண்டு பளபளக் கற்கள். அண்ணனின் முகத்தில் மாட்டிவிட்டாள். அவர் தடுக்கக்கூட இல்லை. திரையைப் பார்த்தார். தன் கை செய்ததை முதல் தடவையாகப் பார்த்தார். டிரைவரின் காதைச் சுற்றிய வெள்ளைக் கோடு, கன்னத்தின் ஒட்டுகள், முள்வேலி மீசை.

"இது யாரு பண்ணது?" என்றார் மெதுவாக.

பதில் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. நாத்தனாருக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் மட்டும் எப்படித் தெளிவாகத் தெரிந்தது என்று அவரே குழம்பினார். அக்கா கேமராவை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தாள். கண் வைக்கிற துளைக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், பார்க்கிறவர் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள. அதை அவர் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறார். தெரிந்து செய்ததில்லை. சட்டையில் பட்டன் இறுக்கினால் தளர்த்திக்கொள்வது மாதிரி. திரைக்கு அப்படிச் சக்கரம் இல்லையே, அதனால் திரையைப் பார்த்ததும் கை ஷார்ப்புக்குப் போயிருக்கிறது.

அக்காவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று வந்தது. மூன்று வாரமாகத் தொண்டை வற்ற வரிசையைச் சொல்லிக் கொண்டிருக்கிறேன், இந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கக் கூடாதா.

"கண்ணு தெரியலன்னு சொல்றதுக்கு என்னங்க?"

"போட்டோகிராஃபர் எப்படிம்மா அதைச் சொல்றது?" என்றார் அவர்.

அவள் பட்டையை மறுபடி கட்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை, இளஞ்சிவப்புக் கண்ணாடியோடு கணவர் உட்கார்ந்தார். நாத்தனார் கண்ணாடி இல்லாமல் பில்லைத் தூரப் பிடித்து எழுதிக்கொண்டு, இது பரம்பரை வியாதி என்று முனகினாள்.

பழைய வேலை எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றாள் அக்கா. மூலப்படத்திலிருந்து புதிதாக நகல். கணவர் செய்தார். சுவர்க்கோடு சாய்ந்திருந்தது, நிமிர்த்தினார். பிறகு சட்டத்தின் உள் அளவை வைத்து வெட்டினார். சட்டத்தின் உதடு ஓரத்தில் கொஞ்சம் மறைக்கும், அதற்கும் இடம் விடச் சொன்னாள். தொப்பி உள்ளே இருக்கட்டும், கால்சட்டை வேண்டாம், தலைக்கு மேல் கொஞ்சம் மூச்சுவிட இடம். வெட்டி முடித்ததும் கணவர் திரையைப் பார்த்து, இவ்வளவுதானா நமக்கு வேலை என்றார். திங்கட்கிழமை நீவிய சுருக்கங்கள் அவர் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

அடுத்தது கலர். மஞ்சள் குறைந்தது. டிரைவரின் வெள்ளைக் காலர் வெள்ளையானது. அதற்குப் பிறகு வெளிச்சம். கன்னத்தின் இருட்டுப் பக்கம் மெல்ல எழுந்தது. நெற்றியில் பளிச்சென்று அடித்த இடத்தை இறக்கினார். இப்போது முகத்தில் உண்மையில் என்ன இருக்கிறது, எது வெறும் நிழல் என்பது தானாகப் பிரிந்து தெரிந்தது. திங்கட்கிழமை அவர் மெனக்கெட்டு அழித்தவற்றில் பாதி அழுக்கே இல்லை, வெளிச்சக் குறைவு. இருட்டான பக்கத்தில் மணல் தூவியது மாதிரிப் பொடிப்பொடியாக இருந்ததை லேசாக அடக்கச் சொன்னாள். ஷார்ப் முதலில் போட்டிருந்தால் இந்த மணலும் சேர்ந்து கூர்மையாகியிருக்கும் என்றாள். இப்போது அவர் சரி சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

இதுவரை நன்றாகத்தான் போனது. முகத்துக்கு வந்ததும்தான் புதுச் சனியன் பிடித்தது. இவ்வளவு நாள் எதுவும் தெரியாமல் இருந்தவருக்கு இப்போது எல்லாமே தெரிந்தது. ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது. படத்தைப் பெரிது பண்ணி, மூக்கின் மேல் ஒரு துளையில் நுழைந்தவர் வெளியே வரவே இல்லை. ஐயோ இங்க ஒண்ணு இருக்கே, இங்க இன்னொண்ணு இருக்கே என்று தோண்டிக்கொண்டே போனார். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். நாற்காலியின் பின்னால் காலால் ஒரு உதை விட்டாள்.

"அடுத்த வாரம் இருக்காததை மட்டும் எடுங்க. சவரம் பண்ணப்ப வெட்டின கீறல், காலர்ல இருக்கற நூலு. அடுத்த வாரமும் அவர் மூஞ்சில இருக்கப் போறதைத் தொடாதீங்க."

அவர் யோசித்தார். கீறலை எடுத்தார். தாடையில் ஒரு கொப்புளத்தை எடுத்தார். மேலே தனி அடுக்காக, லேயரில்தானே செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள், தப்பானால் அதை மட்டும் தூக்கிப் போடலாம். ஆமாம் என்று காட்டினார். கண்ணோரக் கோடுகளுக்கு மேல் அவருடைய அம்புக்குறி ஒரு முழு நிமிஷம் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்பு நகர்ந்து போய்விட்டது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைத் துடைக்காமல் பாதியாகத் தளர்த்தினார். தோலின் நிறம் திட்டாக இருந்த இடங்களைச் சமன் செய்தார், மேடு பள்ளம் அப்படியே இருந்தது. முழுப்படமாகச் சுருக்கிப் பார்த்தபோது யாரும் எதுவும் செய்தது மாதிரித் தெரியவில்லை. அதுதான் வேண்டியது. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

இந்தப் படத்தை இப்படியே ஒன்று சேமித்து வையுங்கள் என்றாள். நாளைக்கு வேறு அளவில் கேட்டால் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். பிறகு அதன் நகலைப் பிரிண்ட் அளவுக்குக் கொண்டுவந்தார். திரையின் மூலை எண்ணைத் தானே வாசித்து, நூறு என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கடைசியாக ஷார்ப். அளவு மாறினால் கூர்மையும் மாறும், அதனால்தான் இதற்குப் பின்னால் எதுவும் வரக் கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கன்னத்தில் படாமல் மறைத்துவிட்டு, கண், இமை, புருவம், மீசை இவற்றுக்கு மட்டும் ஏற்றினார். ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார், மறுபடி ஒரு துளி ஏற்றினார்.

அது அவள் வைக்கும் அளவைவிட அதிகம். அவள் கண்ணுக்கு மீசை ஒரு நூல் அளவு முறைத்தது. ஒரு தடவை சொன்னாள்.

"சொரசொரப்பான பேப்பர்ல போடறோம்மா. பேப்பர் கொஞ்சம் குடிச்சிரும்" என்றார் அவர். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சரி. அந்தத் தாள் கூர்மையைக் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். அது அவளுக்கும் தெரியும். அவர் அதை நினைவு வைத்துச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மணிக்கட்டு தினவெடுத்தது. ஒரே ஒரு இழுப்பு, இடது கையால்கூட முடியும். அவள் எழுந்து கடைக்கு வெளியே போய் வாசல்படியில் நின்று, போகிற வருகிற வண்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் டிரைவரின் மனைவி வந்தாள். இந்தத் தடவை டிரைவரும் கூட வந்திருந்தார், வாசலிலேயே நின்றுகொண்டார். நாத்தனார் படத்தைச் சட்டத்துக்குள் மாட்டி, துணியால் துடைத்து, கவுண்டரில் நிறுத்தினாள். அக்காவின் கண்ணுக்குப் படத்தில் தான் செய்யாதவை மட்டுமே தெரிந்தன. காலர் நிழல் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். தொப்பி இன்னும் ஒரு இழை மேலே இருந்திருக்கலாம்.

டிரைவரின் மனைவி குனிந்து பார்த்தாள். விரலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தாடைக்குக் கீழே ஓர் இடத்தில் நிறுத்தினாள். பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

"அன்னைக்கே சொன்னேன்ல, கழுத்துப் பக்கம் ஒழுங்கா சவரம் பண்ணிட்டுப் போங்கன்னு. இப்பப் பாருங்க, அப்படியே தெரியுது. இனி காலத்துக்கும் டிப்போவுல தொங்கப் போகுது."

டிரைவர் வாசலில் நின்றபடி கழுத்தைத் தடவினார். அவள் இன்னும் நிறையப் பேசினாள். கண்ணோரத்தைக் காட்டி, வெயில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேனே ஒரு நாளாவது போட்டிருக்கிறாரா பாருங்கள் என்று நாத்தனாரிடம் முறையிட்டாள். முறையிட்டபடியே சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். டிரைவர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை, போட்டு உடைச்சிருவீங்க என்றாள். இரண்டு பேரும் வாசல்படி இறங்கிப் போகும் வரைக்கும் அவள் குரல் கேட்டது.

கணவர் கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தார். நாளைக்கு எனக்கு ஒண்ணு வாங்கணும், கல்லு இல்லாம என்றார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் போன் அடித்தது. நாத்தனார் எடுத்து அவள் காதில் வைத்தாள். கணவர். கண்ணாடி வாங்கியாயிற்று, ஒரு கைக்குழந்தைப் படம் வந்திருக்கிறது, நகல் எடுத்துவிட்டேன், வெட்டிவிட்டேன், கலர் பார்த்துவிட்டேன், வெளிச்சம் பார்த்துவிட்டேன் என்று ஒப்பித்தார். வாயோரத்தில் எச்சில் வழிகிறது, அது அடுத்த வாரமும் இருக்குமா இருக்காதா என்று கேட்டார்.

இருக்கும் என்றாள். ஒரு வருஷத்துக்கு இருக்கும் என்றாள். அதைத் தொட்டீர்களோ, வந்து பேசிக்கொள்கிறேன் என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. குழந்தைக்குப் புருவமே இல்லையே, ஷார்ப் எங்கே ஏற்றுவது என்றார். முகம் திருத்தியாயிற்றா, அளவுக்குக் கொண்டுவந்தாயிற்றா என்று கேட்டாள். இல்லை, முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன் என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் நர்ஸ் வந்து போனைப் பிடுங்கி நாத்தனார் கையில் திணித்தாள். யாரும்மா அது, விடவே மாட்டேங்கிறாரு என்றாள்.

"எங்க ஸ்டுடியோவுல புதுசா சேந்திருக்காரு" என்றாள் அக்கா.

வலது கையை நீட்டினாள்.